வளரிளம் பருவத்தினருக்கு எத்தனை ரெப், எத்தனை செட்?

வலிமைக்கான சர்க்யூட் பயிற்சியில் ஐந்தாறு பயிற்சிகளை வரிசையாக அமைத்து, ஒன்றை முடித்ததும் அடுத்ததற்கு நகர்கிறார்கள். வரிசை முழுவதும் முடிந்தால் ஒரு சுற்று. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆண்டர்சன் என்ற இருவர் 1953இல் உருவாக்கிய முறை இது. குறைந்த இடத்தில், குறைந்த கருவிகளோடு ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பயிற்சி செய்ய முடியும் என்பதால் பள்ளி மைதானங்களுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால், பெரியவர்களுக்கு எழுதப்பட்ட அட்டவணையை 13, 14 வயதுப் பிள்ளைகளிடம் அப்படியே கொடுத்துவிடக் கூடாது. எந்தப் பயிற்சியை எத்தனை முறை செய்வது, எத்தனை சுற்று சுற்றுவது, எப்போது கூட்டுவது என்பவற்றில் இந்த வயதுக்கென்று தனிக் கணக்கு உண்டு.

ரெப், செட், சுற்று: மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

ஒரு பயிற்சியை ஒருமுறை முழுமையாகச் செய்வது ஒரு ரெப். ஒரு பஸ்கியில் இடுப்பைத் தாழ்த்தி உட்கார்ந்து மறுபடி நிமிர்ந்து நின்றால் ஒரு ரெப் முடிகிறது. நடுவில் ஓய்வில்லாமல் அடுத்தடுத்துச் செய்யும் ரெப்களின் தொகுதி ஒரு செட். வழக்கமான ஜிம் பயிற்சியில் ஒரே பயிற்சியின் மூன்று செட்டுகளையும் முடித்த பிறகே அடுத்ததற்குப் போவார்கள். சர்க்யூட்டில் ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு செட் மட்டும் செய்துவிட்டு நகர்வதால், இரண்டு சுற்று முடித்தவர் எல்லாப் பயிற்சிகளிலும் இரண்டு செட் முடித்தவராகிறார். கால் வேலை செய்யும்போது கைக்கு ஓய்வு, கை வேலை செய்யும்போது காலுக்கு ஓய்வு. மொத்த நேரம் சுருங்குவதற்கு இதுவே காரணம்.

முதன்முதலாகத் தொடங்குபவர் எத்தனை ரெப் செய்யலாம்?

ஒரு செட்டுக்கு 10 முதல் 15 வரை, ஒவ்வொரு பயிற்சியிலும் ஒன்று அல்லது இரண்டு செட், வாரத்தில் அடுத்தடுத்து வராத இரண்டு அல்லது மூன்று நாட்கள். அமெரிக்காவின் தேசிய வலிமை மற்றும் உடல்தகுதிச் சங்கம் 2009இல் வெளியிட்ட இளையோருக்கான வழிகாட்டுதலும் இதே அளவைத்தான் தொடக்கமாகக் காட்டுகிறது. எடை குறைவாக இருக்க வேண்டும். நுட்பம் கைவந்த பிறகு 6 முதல் 15 ரெப் வரையிலான வரம்பில், மூன்று செட் வரை போகலாம் என்கிறது அந்த வழிகாட்டுதல்.

தொடக்கத்தில் 10 முதல் 15 வரை வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் சில வாரங்களில் ஒரு பிள்ளையின் வலிமை கூடுவது பெரும்பாலும் தசை பெருப்பதால் அல்ல. எந்தத் தசையை எந்த வரிசையில், எவ்வளவு வேகமாக இயக்குவது என்பதை மூளையும் நரம்புகளும் கற்றுக்கொள்வதால்தான். கற்றலுக்குத் திரும்பத் திரும்பச் செய்வது தேவை. எட்டு முதல் இருபது வாரப் பயிற்சியில் புதியவர்களின் வலிமை ஏறக்குறைய 30 சதவீதம் கூடுவதை அதே வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது. கனமான எடை இல்லாமலேயே தொடக்கத்தில் நல்ல முன்னேற்றம் தெரியும் என்பதால் அவசரப்பட வேண்டியதில்லை.

இதில் ஒரு விலக்கு உண்டு. அசைவு சிக்கலாக இருந்தால் ரெப்களைக் குறைக்க வேண்டும். தரையிலிருந்து பாரைத் தூக்கித் தலைக்கு மேல் கொண்டுபோகும் பளுதூக்கல் அசைவுகளைக் கற்கும் பிள்ளைக்கு ஒரு தடவையில் மூன்று ரெப்பே போதும். ஒவ்வொரு ரெப்புக்கும் பிறகு பயிற்சியாளர் திருத்தம் சொல்ல வேண்டும். களைப்போடு செய்தால் இந்த அசைவுகளில் தவறு உடனே புகுந்துவிடும் என்பதால், தொடக்கநிலை சர்க்யூட்டில் இவற்றைச் சேர்க்காமல் விடுவதே நல்லது.

எடையைக் கூட்டி, ரெப்பைக் குறைத்தால் சீக்கிரம் பலம் வராதா?

இந்த வயதில் அது தவறான குறுக்குவழி. வளரும் எலும்புகளின் முனைகளுக்கு அருகே வளர்தட்டு என்ற மென்மையான குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். முறையான பயிற்சி இதைக் கெடுத்து உயரத்தைக் குறைக்கும் என்ற அச்சம் ஊரெங்கும் பரவியிருக்கிறது. கண்காணிப்போடு செய்யும் பயிற்சியில் அப்படி நடப்பதற்கு ஆதாரம் இல்லை. வளர்தட்டுக் காயங்கள் பதிவாகியிருப்பது பெரும்பாலும் கண்காணிப்பு இல்லாமல், தூக்கவே முடியாத எடையைத் தலைக்கு மேல் தூக்க முயன்றபோதுதான். ஆகவே, பயப்பட வேண்டியது பயிற்சியைக் கண்டு அல்ல. தவறான முறையில் எடுக்கும் கனத்தைக் கண்டு.

“ஒரே ஒரு முறை அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும்” என்று நண்பர்களுக்குள் போட்டி போடுவதைத் தொடக்க மாதங்களில் முழுவதுமாகத் தவிர்க்க வேண்டும். பயிற்சிக்கான எடையை முடிவுசெய்ய அந்தச் சோதனை தேவையே இல்லை. நேர்த்தியாக 10 ரெப் முடித்த பிறகும் இன்னும் இரண்டு மூன்று செய்யத் தெம்பு மிச்சமிருக்கிறதா என்று பார்த்தாலே போதும். மிச்சமிருந்தால் எடை சரி. ஐந்து கூடுதலாகச் செய்ய முடிந்தால் எடை குறைவு. எட்டாவதிலேயே உடல் கோணினால் எடை அதிகம்.

கடிகாரத்தை வைத்தா, எண்ணிக்கையை வைத்தா?

பல சர்க்யூட் வகுப்புகளில் 30 அல்லது 40 விநாடிக்கு விசில் அடிப்பார்கள். அதற்குள் எத்தனை முடியுமோ அத்தனை செய்ய வேண்டும். பழகிய விளையாட்டு வீரர்களுக்கு இது ஒத்துவரும். புதிய பிள்ளைகளிடம் இது அவசரத்தைத் தூண்டும். பக்கத்திலிருப்பவன் 20 எடுத்தால் இவனும் 20 எடுக்க முயல்வான். பஸ்கி பாதியிலேயே நிற்கும், தண்டாலில் இடுப்பு தொங்கும். அப்படிச் செய்த ரெப் எதையும் கற்றுத்தராது. தவறான அசைவைப் பழக்கமாக்கிவிடவும் கூடும்.

எனவே தொடக்கத்தில் எண்ணிக்கைதான் சரியான அளவுகோல். ஒவ்வொரு ரெப்புக்கும் ஏறக்குறைய மூன்று விநாடி ஒதுக்கலாம். இறங்க இரண்டு, எழ ஒன்று. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறித் தலை சுற்றக்கூடும். பிளாங்க் போல அசையாமல் நிற்கும் பயிற்சிக்கு மட்டும் விநாடிக் கணக்கு பொருந்தும். பெரிய வகுப்பு என்பதால் விசில் இல்லாமல் முடியாது என்றால், விசில் இடம் மாறுவதற்கான அடையாளமாக மட்டும் இருக்கட்டும். தன் எண்ணிக்கையை முன்னதாக முடித்தவர் அடுத்த விசில் வரை நின்று மூச்சு வாங்கலாம்.

ஒரு சர்க்யூட் எப்படி இருக்கும்?

இதுவரை வலிமைப் பயிற்சியே செய்யாத, நோய் எதுவுமில்லாத 14 வயது மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். கருவி என்று அவனிடம் இருப்பது ஒரு நாற்காலி, உறுதியான மேசை, ஒரு படி, பள்ளிப் பை, தண்ணீர் பாட்டில்கள். அவனுக்கு ஆறு பயிற்சிகள்:

1. நாற்காலி விளிம்பைப் பின்புறம் தொட்டு எழும் பஸ்கி: 12
2. மேசையில் கையூன்றிச் செய்யும் தண்டால்: 10
3. படியில் ஏறி இறங்குதல்: ஒரு காலுக்கு 8
4. குனிந்து நின்று, பையை ஒரு கையால் இடுப்பு நோக்கி இழுத்தல்: ஒரு கைக்கு 10
5. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துதல்: 12
6. முழங்கையூன்றிய பிளாங்க்: 20 விநாடி

காலும் கையும் மாறிமாறி வரும்படி வரிசை அமைந்திருக்கிறது. தண்டாலில் தள்ளும் தசைகள் வேலை செய்வதால், பை இழுப்பில் முதுகுத் தசைகளுக்கு வேலை தரப்படுகிறது. தண்டாலை மட்டும் எடுத்துக்கொண்டு முதுகை மறந்தால் தோள் முன்னோக்கிச் சரியும் பழக்கம் வளரும்.

இந்த மாணவனால் தரையில் நேர்த்தியாக நான்கு தண்டால்தான் எடுக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அப்படியானால் அவனுக்கு நான்கு ரெப்’ என்று முடிவுசெய்வது பிழை. அவனுக்குத் தரைத் தண்டால் இப்போதைக்குக் கனமான பயிற்சி என்பதே அதன் பொருள். கையை மேசை உயரத்துக்கு உயர்த்தினால் தள்ள வேண்டிய உடல் எடை குறைகிறது. அங்கே 13 எடுக்க முடிகிறது. எனவே மேசையில் 10. எண்ணிக்கையைக் குறைப்பதைவிடப் பயிற்சியை எளிதாக்குவதே தொடக்கநிலையின் வழி. உடல் எடையைக் கொண்டு செய்யும் எல்லாப் பயிற்சிக்கும் இது பொருந்தும்.

மூன்று விநாடிக்கு ஒரு ரெப் என்ற கணக்கில் ஆறு பயிற்சிக்கும் ஏறக்குறைய நான்கு நிமிடம். இடையில் அரை அரை நிமிடம் ஓய்வெடுத்தால் ஒரு சுற்று ஆறரை நிமிடத்தில் முடியும். இரண்டு சுற்று, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு என்றால் கால் மணி நேரம். முன்னால் எட்டுப் பத்து நிமிடம் மெதுஓட்டம், கை சுழற்றல், எடையில்லாமல் சில பஸ்கி என்று உடலைச் சூடாக்கிக்கொண்டால் மொத்தம் அரை மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கும்.

முதல் எட்டு வாரம் எப்படிப் போக வேண்டும்?

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே ஒரு சுற்று. பிள்ளைக்கு ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். தோன்றட்டும். இந்தக் கட்டத்தின் வேலை அசைவைப் படிப்பது மட்டுமே. மூன்றாம் வாரத்தில் இரண்டாவது சுற்று சேர்கிறது. இங்கேதான் உண்மையான நிலை தெரியவரும். மேசைத் தண்டாலில் முதல் சுற்றில் 10 எடுத்த மாணவனுக்கு இரண்டாம் சுற்றில் எட்டுக்குப் பிறகு இடுப்பு தொங்குகிறது. அவனுடைய நோட்டில் ‘10, 8’ என்று எழுத வேண்டும். மீதி இரண்டை எப்படியாவது எடுக்கச் சொல்லக் கூடாது. இரண்டு மூன்று பயிற்சி நாட்களில் எட்டு பத்தாகிவிடும்.

நான்காம் வாரத்துக்குப் பிறகு, இரண்டு சுற்றிலும் 10 நேர்த்தியாக வந்தால், அடுத்த முறை 11 அல்லது 12. இப்படியே இரண்டு சுற்றிலும் 15ஐ எட்டும் வரை பயிற்சியைக் கடினமாக்காமல் எண்ணிக்கையை மட்டும் கூட்ட வேண்டும். 15ஐ எட்டியதும் மேசையிலிருந்து தாழ்ந்த பெஞ்சுக்கு இறங்கி மறுபடி 10இலிருந்து தொடங்க வேண்டும். ஒரே நேரத்தில் எண்ணிக்கை, கனம், சுற்று மூன்றையும் கூட்டினால் எது தாங்கவில்லை என்றே தெரியாமல் போகும். மூன்றாவது சுற்றை எட்டு வாரம் முடிந்த பிறகு யோசிக்கலாம். இரண்டு சுற்றின் கடைசிப் பயிற்சி வரை நேர்த்தி குலையாதவருக்கு மட்டுமே அது.

தேர்வு, காய்ச்சல் என்று இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், திரும்பி வந்ததும் ஒரு சுற்றைக் குறைத்துத் தொடங்கி, ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வர வேண்டும்.

எடையை ஒரு தடவையில் எவ்வளவு கூட்டலாம்?

5 முதல் 10 சதவீதம். கேட்க எளிதாக இருக்கும் இந்த அளவை டம்பெல்ஸில் கடைப்பிடிப்பது கடினம். இரண்டு கிலோவிலிருந்து மூன்று கிலோவுக்கு மாறினால் அது 50 சதவீத உயர்வு. நேற்று 15 ரெப் எடுத்த பிள்ளை இன்று ஆறிலேயே கோணிப்போவதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம்.

பள்ளிப் பையும் தண்ணீர் பாட்டிலும் இங்கே கைகொடுக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. பை மொத்தம் ஐந்து கிலோ இருந்தால், கால் லிட்டர் சேர்ப்பது 5 சதவீத உயர்வு, அரை லிட்டர் 10 சதவீதம். டம்பெல்ஸ் மட்டுமே இருக்கும் இடத்தில் வேறு வழி உண்டு. அடுத்த எடைக்கு மாறும் முன் பழைய எடையிலேயே 15ஐத் தாண்டிச் சில நாட்கள் செய்து, இறங்கும் வேகத்தை மூன்று விநாடியாக நிதானமாக்கினால், எடை கூடாமலேயே வேலை கூடும்.

ஒரு செட்டை எப்போது நிறுத்த வேண்டும்?

தாளில் 12 என்று எழுதியிருந்தாலும், நேர்த்தி குலையும் ரெப்பில் செட் முடிந்துவிடுகிறது. அதைக் கண்ணால் பார்த்தே சொல்லலாம். பஸ்கியில் முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாயும், அல்லது குதிகால் தரையைவிட்டு எழும்பும். தண்டாலில் இடுப்பு தொங்கும், கழுத்து முன்னால் நீளும். பை இழுப்பில் முதுகு வில்லாக வளையும், பையை இழுப்பதற்குப் பதிலாக உடலை உலுக்கி வீசுவார்கள். பிளாங்கில் உடல் நடுங்குவது பரவாயில்லை. கீழ்முதுகு குழிந்தால் நிறுத்த வேண்டும். வேகமும் ஓர் அடையாளம். முதல் ரெப்பைவிட எழுவதற்கு இருமடங்கு நேரம் பிடித்தால் களைப்பின் எல்லை அருகில் இருக்கிறது.

செய்பவருக்குத் தன் முதுகு தெரியாது. அதனால் தொடக்கநிலை சர்க்யூட்டை இருவர் இருவராகச் செய்வது பயனுள்ளது. ஒருவர் செய்யும்போது மற்றவர் எண்ணுவார். நேர்த்தியான ரெப்பை மட்டுமே எண்ண வேண்டும் என்ற ஒரே விதி, வேகப் போட்டியைத் தானாகவே அடக்கிவிடும். இருந்தாலும், பயிற்சி தெரிந்த பெரியவர் ஒருவரின் கண் எப்போதும் இருக்க வேண்டும்.

திடீரென்று உயரம் கூடும் காலத்தில் இதே கணக்கா?

பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 12 வயதிலும், ஆண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14 வயதிலும் உயரம் மிக வேகமாகக் கூடும். சிலருக்கு இது ஓரிரு ஆண்டு முன்பின் நடக்கும். அப்போது கை, கால் எலும்புகள் நீண்டுவிட, தசைகளும் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் பழக்கமும் பின்தங்கும். போன மாதம் அழகாகப் பஸ்கி எடுத்தவர் இந்த மாதம் தடுமாறுவார். இது சோம்பல் அல்ல.

அந்த மாதங்களில் கனத்தைக் கூட்டாமல், ஒரு படி எளிதாக்கி, 10 முதல் 12 ரெப்புடன் நிற்பது சரியானது. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் தொட்டால் வலி, ஓடிக் குதித்த பிறகு கூடும் வலி என்றால் கவனிக்க வேண்டும். தொடைத் தசையின் நாண் வளரும் எலும்பை இழுப்பதால் வரும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்ற நிலையாக அது இருக்கலாம். குதிக்கும் பயிற்சிகளை நிறுத்தி, பஸ்கியையும் படியேற்றத்தையும் குறைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும். இடுப்பு உயர்த்துதல், பை இழுத்தல், பிளாங்க் ஆகியவை வலி தராத வரை தொடரலாம்.

உடல் வலித்தால் தொடரலாமா?

புதிய பயிற்சிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளில் தசை முழுவதும் பரவலாக, இரு பக்கமும் ஒரே மாதிரி மந்தமாக வலிப்பது இயல்பு. மூன்று நான்கு நாளில் தணியும். பயிற்சி நாட்களுக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுவது இதற்காகவும்தான். அடுத்த பயிற்சி நாளிலும் படி இறங்கச் சிரமப்படும் அளவுக்கு வலி மிஞ்சியிருந்தால், கடந்த முறை செய்தது அதிகம் என்று பொருள். ஒரு சுற்றைக் குறைக்க வேண்டும்.

மூட்டில் ஓரிடத்தில் கூர்மையாகக் குத்தும் வலி, வீக்கம், பயிற்சியின் நடுவே திடீரென வந்த வலி ஆகியவற்றில் உடனே நிறுத்த வேண்டும். அளவுக்கு மீறிய பயிற்சிக்குப் பிறகு தசை கடுமையாக வீங்கி, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால், தசை நார்கள் சிதைந்து அவற்றின் பொருட்கள் சிறுநீரகத்தைத் தாக்கும் ஆபத்து இருக்கிறது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்டனையாக நூறு இருநூறு பஸ்கி எடுக்கவைப்பது ஆபத்தானது என்பதற்கு இது முக்கியமான காரணம். கோடை வெயிலில் தண்ணீர் இல்லாமல் செய்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பிறகே முதல் சுற்றைத் தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கு, சொன்னதைக் கேட்டுச் செய்யும் பக்குவமும், கண்காணிக்க ஒரு பெரியவரும், 10 ரெப்பை நேர்த்தியாக முடிக்கக்கூடிய எளிய ஒரு பயிற்சியும் இருந்தால் தொடங்குவதற்குப் போதும்.